மணிவிழா மலருக்கு எத்தனை தாள்? எஸ்டிமேட் முதல் ஜாப் கார்டு வரை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அச்சகங்களுக்குப் பத்திரிகை வேலைக்கு அடுத்தபடியாக அடிக்கடி வருவது மணிவிழா மலர். ஆயிரம் பிரதி, டெமி சைஸ், உள்ளே குடும்ப வரலாறும் பாடல்களும், நடுவில் ஒரு பாரம் கலர் போட்டோ. அச்சகக் கணக்கு பழக இதைவிட நல்ல வேலை கிடைக்காது. நகைக்கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று துருவிக் கேட்கும் ஊர்தான். ஆனால் அச்சகத்தில் தாள் சேதாரத்தை 'அஞ்சு பர்சென்ட் போடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வேலை முடியும்போது தாள் போதாமல் ஓடுவது அந்த ஒரு வரியால்தான்.

இங்கே மலரின் கறுப்பு மை பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 80 பக்கம், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, 1,000 பிரதி. கலர் பாரத்துக்கும் அட்டைக்கும் கணக்கு வழி இதேதான், எண்கள்தான் வேறு. இருப்பையும் வேலையையும் பதியும் ஈஆர்பி மென்பொருளாக ERPNext-ஐ எடுத்திருக்கிறோம். விலைகள் எல்லாம் கணக்குக்காகப் போட்டவை; உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தாளை எண்ணும் அலகு

டெமி புத்தகத்துக்கு வாங்குவது 23 × 36 அங்குலத் தாள். அதை இரண்டாக வெட்டினால் 18 × 23. இந்த அரைத்தாளில் முன்பக்கம் 8, பின்பக்கம் 8 என்று 16 பக்கம் உட்காரும். அதுதான் ஒரு பாரம். 80 பக்கம் என்றால் 5 பாரம். 19 × 26 மெஷினில் இந்த அரைத்தாள் தாராளமாக ஓடும்.

கடைக்காரர் தாளைக் கிலோவில் பேசுவார், நீங்கள் ரீமில் வாங்குவீர்கள், மெஷின்காரர் தாள் எண்ணிக்கையில் சொல்வார். மூன்றையும் இணைக்கும் கணக்கு இது:

```
ரீம் எடை (கிலோ) = நீளம் செ.மீ × அகலம் செ.மீ × ஜிஎஸ்எம் × 500 / 10000000
58.5 × 91 × 70 × 500 / 10000000 = 18.63
```

கடையில் '18.6 கிலோ பேப்பர்' என்று கேட்டால் 23 × 36-இல் 70 ஜிஎஸ்எம் எடுத்துக் கொடுப்பது இதனால்தான். கிலோ ₹90 என்றால் ரீம் சுமார் ₹1,680, முழுத்தாள் ஒன்று ₹3.36.

ERPNext-இல் `UOM` பட்டியலில் `Sheet`, `Ream` இரண்டும் இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். தாளுக்கான `Item`-இல் `Default Unit of Measure` என்பதில் `Sheet` போட்டு, கீழே உள்ள மாற்று அலகுப் பட்டியலில் `Ream`-க்கு `Conversion Factor` 500 என்று கொடுங்கள். கொள்முதலையும் ரீமில் பதியுங்கள். கிலோவில் பதிந்தால் ஒரு கிலோவுக்கு 26.84 தாள் என்று புள்ளி வைத்த கணக்கு வரும். `Sheet`-க்கு `Must be Whole Number` டிக் செய்திருந்தால் பில்லே ஏறாது. டிக் செய்யாவிட்டால் இருப்பில் முக்கால் தாள், கால் தாள் என்று நிற்கும். அட்டைக்கு வாங்கும் ஆர்ட் போர்டு 100 தாள் கட்டாகவும் வருவதால், கட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து அதற்குத் தனி எண் கொடுங்கள்.

இருப்பு முழுத்தாளில் இருக்கிறது, மெஷினில் ஓடுவது அரைத்தாள். இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மெஷின்காரர் 'இன்னும் இருநூறு வேணும்' என்றால் அவர் கேட்பது அரைத்தாள். ஸ்டோரில் இருப்பவர் இருநூறு முழுத்தாளை வெட்டிக் கொடுத்துவிடுவார். கார்டிலும் சரி, வாய்ச்சொல்லிலும் சரி, 'முழு', 'அரை' என்ற சொல் எண்ணோடு ஒட்டியே வரட்டும்.

சேதாரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்

வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும் 1,000 புத்தகத்தில் தொடங்கி, வேலை நடந்த வழியிலேயே பின்னோக்கி வாருங்கள்.

பைண்டிங்கில் மடிப்பு பிசகும், தையல் கிழியும், கடைசி வெட்டில் ஓரிரண்டு கோணலாகும். இதற்கு 3 சதவீதம் வைத்தால், பைண்டரிடம் ஒவ்வொரு பாரத்திலும் 1,030 நல்ல தாள் போக வேண்டும். மெஷின் ஓட்டத்தில் இரட்டைத் தாள் போவது, மை ஏறி இறங்குவது, பிளாங்கெட்டில் அழுக்கு ஒட்டுவது இவற்றுக்கு 2 சதவீதம், அதாவது 21 தாள். ஆக 1,051.

அடுத்தது மேக்ரெடி. முன்பக்க பிளேட்டை மாட்டி, மையும் தண்ணியும் சமனாகி, இடம் சரியாக விழும் வரை 50 தாள். பின்பக்கத்துக்கு 30 தாள். இந்த 30-ஐ லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பக்கம் நன்றாக அச்சான தாளைத்தான் பின்பக்கப் பொருத்தம் பார்க்க ஓட்டியாக வேண்டும். ஆக அங்கே கெடுவது வெள்ளைத் தாள் அல்ல, பாதி வேலை முடிந்த தாள். மை சமனாகும் வரை பழைய வேஸ்ட் தாளை ஓட்டிவிட்டுக் கடைசியில் மட்டும் நல்ல தாள் போடும் அச்சகங்களில் 80 என்ற இந்த எண் கணிசமாகக் குறையும். உங்கள் மெஷினுக்கு எவ்வளவு என்பதை நாலைந்து வேலைகளில் எண்ணிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஒரு பாரத்துக்கு 1,051 + 80 = 1,131 அரைத்தாள். ஐந்து பாரத்துக்கு 5,655 அரைத்தாள். முழுத்தாளில் 2,828, அதாவது 5 ரீம் 328 தாள்.

சேதாரமே இல்லாமல் 5 ரீம் போதும். 'அஞ்சு பர்சென்ட்' கணக்கில் 2,625 தாள். நிஜத் தேவைக்கு 203 தாள் குறைகிறது.

மேக்ரெடிக்குப் போகும் 80 தாள் பிரதி எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 500 புத்தகம் போட்டாலும் 80-தான், 5,000 போட்டாலும் 80-தான். இதே முறையில் எண்ணினால் 500 பிரதிக்குப் பாரத்துக்கு 605 தாள் வரும், சேதாரம் 21 சதவீதம். 1,000 பிரதிக்கு 13 சதவீதம். 5,000 பிரதிக்கு 5,333 தாள், 6.7 சதவீதம்தான். சிவகாசியில் பெரிய ஓட்டம் ஓட்டுபவர்களுக்குச் சரியாக இருக்கும் சதவீதத்தை இங்கே 500 பிரதி மலருக்குப் போட்டால் கையைச் சுடும்.

பருவத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்து வைத்த ரீம் ஈரம் வாங்கி ஓரம் அலை அலையாக நெளியும். மெஷினில் போகும்போது தாளின் வால்பக்கம் மடிப்பு விழும். சித்திரை வெயிலில் ஓரம் காய்ந்து இறுகி, தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு இரட்டையாகப் போகும். இதற்காகச் சதவீதத்தை ஏற்றுவதைவிட, ஓட்டும் நேரம் வரும்வரை ரீமின் உறையைப் பிரிக்காமல் இருப்பது மலிவு.

மெஷின் நேரத்துக்கு விலை

மாதத்துக்கு மெஷின் செலவு (கூலி, கரண்ட், வாடகை, தேய்மானம், மை, வாஷ்) ₹84,000 என்று வைப்போம். 26 நாள், 8 மணி நேரம் என்று 208-ஆல் வகுத்தால் மணிக்கு ₹404 வரும். ஆனால் கரண்ட் போனது, பிளேட்டுக்குக் காத்திருந்தது, வேலையே இல்லாதது எல்லாம் போக, வேலைக்குக் கணக்கெழுத முடிகிற நேரம் 140 மணிதான் என்றால், மணிக்கு ₹600. `Workstation`-இல் ஏற வேண்டியது இந்த 600.

ஒரு பாரத்துக்கு இரண்டு பக்க மேக்ரெடி, பக்கத்துக்கு 25 நிமிடம், ஆக 50. ஓட்டம் 1,131 × 2 = 2,262 இம்ப்ரெஷன்; மணிக்கு 4,000 என்றால் 34 நிமிடம். பாரத்துக்கு 84 நிமிடம், ஐந்துக்கு 7 மணி, ₹4,200. தாள் 2,828 × 3.36 = ₹9,502. பிளேட் 10, ஒன்று ₹200 வீதம் ₹2,000. கறுப்புப் பகுதியின் அடக்கம் ₹15,702, புத்தகத்துக்கு ₹15.70. டைப்செட்டிங், கலர் பாரம், அட்டை, பைண்டிங், உங்கள் லாபம் எல்லாம் இதற்கு மேல்.

BOM-இல் ஏற்றுவது

எஸ்டிமேட்டை எக்செலில் போட்டுவிட்டு, ஆர்டர் வந்தபின் ஈஆர்பியில் வேறொரு கணக்கு எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது. எஸ்டிமேட்டையே `BOM`-ஆக, அதாவது வேலைக்கு வேண்டிய பொருளும் நேரமும் அடங்கிய பட்டியலாகப் போட்டு, அதன் அடக்கத்தைப் பார்த்து `Quotation` கொடுங்கள்.

`BOM`-இல் `Quantity` 1000. `Items` பட்டியலில் மேப்லித்தோ 2,828 `Sheet`, பிளேட் 10. `With Operations` டிக் செய்து, ஒவ்வொரு பாரத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: மேக்ரெடி 50 நிமிடம், ஓட்டம் 34 நிமிடம். எந்தப் பாரம் என்பதை `Description`-இல் குறியுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், நேரம் கூடியபோது பொருத்தம் பார்க்கக் கூடியதா, மெஷின் நின்று நின்று ஓடியதால் கூடியதா என்று தெரியாது. மேக்ரெடி வரியில் `Fixed Time` டிக் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் பிரதி எண்ணிக்கை மாறும்போது அந்த 50 நிமிடத்தையும் சேர்த்து நீட்டிக் குறுக்கிவிடும்.

ஆர்டர் உறுதியானதும் `Work Order` போட்டால், ஒவ்வொரு வரிக்கும் ஒரு `Job Card` வரும்.

ஜாப் கார்டில் எழுத வேண்டியது

`Job Card` எண்ணுவது புத்தகத்தை, தாளை அல்ல. அதன் `Qty To Manufacture` 1,000. மெஷின்காரர் முடித்த எண்ணிக்கையில் 1,131 என்று தாள் கணக்கைப் போட்டால், கூடுதல் உற்பத்தி என்று சொல்லி நிறுத்திவிடும். அங்கே 1,000 மட்டும். தாளுக்கு `Customize Form` வழியாக நான்கு புதிய கட்டங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாங்கிய அரைத்தாள், நல்ல அரைத்தாள், கெட்ட அரைத்தாள், காரணம். காரணத்தைத் தேர்வுப் பட்டியலாக வையுங்கள்: மேக்ரெடி, ஓட்டம், தாள் குறை, பிளேட் குறை, புரூஃப் தவறு. எழுதச் சொன்னால் எல்லாக் கார்டிலும் 'மெஷின் பிராப்ளம்' என்றே வரும்.

இப்போது மலரை ஓட்டுவோம். 1, 2, 3, 5 ஆகிய பாரங்கள் கணக்குப்படி முடிந்தன. நான்காம் பாரத்தின் பின்பக்கத்தில் 120 தாள் ஓடியபின் ஒருவர் கண்ணில் படுகிறது: விழாத் தம்பதியரின் சம்பந்தி வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்து, 'ராம.சித.' என்று இருக்க வேண்டியது 'சித.ராம.' என்று விழுந்திருக்கிறது. நகரத்தார் வீட்டு மலரில் விலாச எழுத்து முன்பின் மாறினால் அது வேறொரு வீடு; ஒட்டுத்தாள் ஒட்டிச் சமாளிக்க முடியாது. மெஷினை நிறுத்தியாக வேண்டும்.

கெட்டது பின்பக்கம்தான் என்றாலும், அந்த 120 தாளின் முன்பக்கமும் அதோடு போயிற்று. எனவே முன்பக்க பிளேட்டைத் திரும்ப மாட்டி 120 ஓட்ட வேண்டும். அதற்கு மேக்ரெடி 44 தாள் போனது. புதிய பிளேட்டை மதுரையில் போட்டு பஸ் பார்சலில் வாங்குபவர்களானால், அது வரும் இடைவெளியில் இந்த முன்பக்கத்தை ஓட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பிளேட் வந்ததும் பொருத்தம் பார்க்கக் கெட்ட 120-ஐயே ஓட்டினால் புதுத் தாள் செலவாகாது. காத்திருக்கும் நேரத்தில் மெஷின் வேறு வேலைக்குப் போனால் இந்தக் கார்டில் `Pause Job` அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பக்கத்து வேலையின் நேரமும் மலர் தலையில் விழும்.

கூடுதலாகப் போனது 164 அரைத்தாள், அதாவது 82 முழுத்தாள், ₹276. பிளேட் ₹200. இரண்டு மேக்ரெடி 50 நிமிடம், ₹500. மொத்தம் ₹976. இதில் தாள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கெட்ட தாள்தான் கண்ணுக்குக் குவியலாகத் தெரிகிறது, பெரிய நஷ்டம் நேரத்தில் போயிருக்கிறது. கையெழுத்தான புரூஃபிலேயே தவறு இருந்திருந்தால் இந்த ₹976 வாடிக்கையாளர் பில்லில் போகலாம். புரூஃபில் சரியாக இருந்து அதன்பின் மாறியிருந்தால் அச்சகத்துக்கு. இரண்டில் எது என்று பார்க்க, கையெழுத்துப் போட்ட புரூஃபைப் படமெடுத்து `Work Order`-உடன் இணைத்து வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த 'ஓகே' மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

ஸ்டோர் கணக்கை முடிப்பது

தொடக்கத்தில் 2,828 முழுத்தாள் `Work In Progress` கிடங்குக்குப் போனது. நடுவில் கேட்டபோது 120 முழுத்தாள் கூடுதலாகக் கொடுத்தாயிற்று. அதற்கு `Stock Entry`-இல் `Material Transfer` போட்டு, குறிப்பில் வேலை எண்ணை எழுதுங்கள். கடைசியில் 38 தாள் வெள்ளையாக மிஞ்சியது. செலவானது 2,828 + 120 − 38 = 2,910. எஸ்டிமேட்டைவிட 82 கூடுதல். நான்காம் பாரக் கார்டு சொல்வதும் அதே 82. இந்த இரண்டு எண்ணும் இரண்டு கைகளிலிருந்து வந்தவை என்பதால்தான் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு.

முடிக்கும்போது போடும் `Manufacture` பதிவில்தான் பல அச்சகங்களின் உண்மைக் கணக்கு காணாமல் போகிறது. `Manufacturing Settings`-இல் `Backflush Raw Materials Based On` என்ற இடத்தில் `BOM` இருந்தால், நீங்கள் எவ்வளவு தாள் கொடுத்திருந்தாலும் அந்தப் பதிவு 2,828 என்றே நிரப்பிக் காட்டும். பார்க்காமல் `Submit` அழுத்தினால் எஸ்டிமேட்டும் செலவும் ஒரு தாள் பிசகாமல் பொருந்தும். வருடம் முழுக்க எல்லா வேலையும் இப்படிப் பொருந்தியிருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். குறைந்த தாள் ஸ்டாக் எடுக்கும் நாளில் மொத்தமாக வெளிவரும். அதை `Material Transferred for Manufacture` என்று மாற்றுங்கள். மாற்றிய பின்னும் தாள் வரியை நீங்களே பார்த்து 2,910 என்று திருத்திவிட்டுத்தான் `Submit`. மிஞ்சிய 38-ஐ அன்றைக்கே `Material Transfer` மூலம் ஸ்டோருக்குத் திருப்புங்கள். மெஷின் ஓரத்தில் கிடந்தால் அடுத்த வேலை அதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிடும்.

கெட்ட தாளை ஒவ்வொன்றாக எண்ண யாருக்கும் பொறுமை இருக்காது, தராசில் வையுங்கள். இந்தத் தாளில் ஒரு அரைத்தாள் 18.63 கிராம். கணக்குப்படி அச்சில் கெட வேண்டியது பாரத்துக்கு 101, ஐந்துக்கு 505. விலாசத் தவறுக்கு 164. மொத்தம் 669 அரைத்தாள், சுமார் 12.5 கிலோ. தராசு 12-க்கும் 13-க்கும் நடுவில் காட்டினால் கார்டுகள் நம்பத்தக்கவை. 9 கிலோ காட்டினால் கெட்டதாக எழுதிய தாள் எங்கோ நல்ல தாளாக இருக்கிறது. 17 கிலோ காட்டினால் யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது மேக்ரெடிக்கு ஓட்டிய பழைய வேஸ்ட் இதில் கலந்திருக்கிறது. பைண்டிங் வெட்டுச் சீவலை இந்தக் குவியலில் சேர்க்காமல் தனிச் சாக்கில் போடச் சொல்லுங்கள், சேர்ந்தால் இந்தச் சோதனை பயன்படாது.

அதே மலர் மறுபதிப்புக்கு வந்தால்

சில மாதம் கழித்து, 'உறவு முறைக்கு எல்லாம் பத்தவில்லை, இன்னொரு ஐந்நூறு போட்டுக் கொடுங்கள்' என்று வருவார்கள். பழைய `BOM`-ஐ எடுத்து `Work Order`-இல் 500 என்று போட்டால், ஈஆர்பி எல்லாவற்றையும் பாதியாக்கும். தாள் 1,414 என்று காட்டும்; நமக்கு வேண்டியது 605 × 5 = 3,025 அரைத்தாள், 1,513 முழுத்தாள். 99 தாள் குறையும். பிளேட் 10 இருந்த இடத்தில் 5 கேட்கும்; ஐந்து பாரத்தைப் பாதி பிளேட்டில் ஓட்ட முடியாது. `Fixed Time` டிக் செய்திருந்த மேக்ரெடி நேரம் மட்டும் சரியாக நிற்கும். பொருள் வரிக்கு அப்படியொரு டிக் கிடையாது. எனவே பழைய `BOM`-ஐ நகல் எடுத்து, `Quantity` 500, தாள் 1,513 என்று கையால் மாற்றுங்கள். பழைய பிளேட்டுகளைப் பசை பூசிக் கெடாமல் வைத்திருந்தால் பிளேட் வரியை நீக்கிவிடலாம். நான்காம் பாரத்தில் மட்டும் இரண்டு பின்பக்க பிளேட் இருக்கும். 'சித.ராம.' என்று உள்ள பழைய பிளேட்டை அன்றைக்கே மடக்கி அலுமினியக் கழிவில் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள்.